படத்தில் என்ன இருக்கிறது, பெட்டியில் என்ன வருகிறது

வார்ப்பிரும்பு தோசைக்கல் செய்து அமேசானில் விற்கிறோம். கல் மேல் முறுகல் தோசை, பக்கத்தில் சட்னிக் கிண்ணம் வைத்து முதல் படம் போட்டோம். பொருளே தேடலில் வராமல் போய்விட்டது. தோசையையும் சட்னியையும் எடுத்துவிட்டு வேறு படம் போட்டும் அதே கதை. எங்கே தப்பு? (ஈரோடு)

முதல் தடவை மாட்டியது தோசைதான். பெட்டியைத் திறந்தால் எது இருக்குமோ அது மட்டும்தான் முதன்மைப் படத்தில் இருக்கலாம். தோசைத் திருப்பியும் சேர்த்து விற்கிறீர்கள் என்றால் அது இருக்கலாம், சட்னி இருக்க முடியாது. எழுத்து, லோகோ, ஓரக்கோடு, தள்ளுபடிப் பட்டை எதுவும் கூடாது.

இரண்டாவது தடவை மாட்டியது பின்னணி. நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்து மூலையில் நிறத்தை அளந்து பார்த்தேன். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, ஆனால் எண்கள் 243, 244, 240 என்று வருகின்றன. அமேசான் கேட்பது சுத்த வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே 255 இருக்க வேண்டும்.

கறுப்புப் பொருள் விற்கிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. கறுப்புக் கல் படச் சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் போன் கேமரா, வெளிச்சம் போதவில்லை என்று கணக்குப் போட்டுப் படத்தை வெளுப்பாக்கும். இரும்பு அலுமினியம் மாதிரி தெரியும். அது பிடிக்காமல் நீங்கள் வெளிச்சத்தைக் குறைப்பீர்கள். இரும்பு இரும்பாகும், பின்னால் இருக்கிற வெள்ளைத் தாள் சாம்பலாகும். ஒரே வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் சரிசெய்ய முடியாது, பிரித்துக் கொடுக்க வேண்டும். கல்லை ஒரு செங்கல்லில் சாய்த்து, செங்கல் தெரியாதபடி நிறுத்துங்கள். வெள்ளைச் சார்ட்டை கல்லுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி மாட்டி, அதற்கென்று தனியாக ஒரு விளக்கு போடுங்கள். கல்லுக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து, நடுவில் ஒரு வெள்ளை வேட்டி வழியாக வரட்டும். பக்க வெளிச்சத்தில்தான் வார்ப்பின் சொரசொரப்பு தெரியும். கேமராவோடு சேர்ந்த ஃபிளாஷ் போட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அவ்வளவுதான். அப்புறம் பின்னணியை வெட்டி எடுத்து 255 ஆக்குங்கள். வெட்டிய விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து, சாம்பல் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கல் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது. பொருள் படச் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும், எந்தப் பக்கமும் வெட்டுப்படக் கூடாது. உங்கள் கல் 30 செ.மீ. அகலம், கைப்பிடி 15 செ.மீ. கைப்பிடியைப் படுக்கையாக நீட்டி எடுத்திருக்கிறீர்கள். 2000 பிக்சல் சதுரத்தில் 1700 பிக்சலுக்குள் 45 செ.மீ. அடங்க வேண்டும், அதில் கல்லுக்குக் கிடைப்பது 1130 பிக்சல்தான். கைப்பிடி மூலையைப் பார்க்கும்படி படத்தைச் சாய்த்தால் மொத்த அகலம் ஏறக்குறைய 36 செ.மீ. ஆகிவிடும், கல்லுக்கு 1400 பிக்சல் கிடைக்கும். போனில் தேடுகிறவர் கண்ணுக்குப் பக்கத்துக் கடைக் கல்லைவிட உங்கள் கல் கால் பங்கு பெரிதாகத் தெரியும். அதுவும் உள்ளதை உள்ளபடி காட்டியே. நீளமான பக்கம் 1000 பிக்சலுக்குக் குறைந்தால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்யாது, 2000 வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கல் இருந்தது. வந்தது ஒன்று. "படம் விளக்கத்துக்கு மட்டும்" என்று கீழே போட்டிருக்கிறோமே என்கிறார் விற்றவர். (மதுரை)

அந்த வரி அவரைக் காப்பாற்றாது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, படமும் விவரமும் பொருளோடு நேராகப் பொருந்த வேண்டும். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தை அவர் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம்தான் நியாயம், விடாதீர்கள்.

தோசைக்கல், பணியாரக்கல் விற்கிறேன். முதல் படம் சரியாக இருக்கிறது. மற்ற படங்களை டிசைனர் அழகாகச் செய்து கொடுத்தார். எல்லாவற்றிலும் "பாரம்பரியச் சுவை", "சிறந்த தரம்" என்று எழுதியிருக்கிறார். ஆனால் திரும்பி வருவது குறையவே இல்லை. (சேலம்)

தரம் சிறந்ததா என்று சந்தேகப்பட்டு யாரும் கல்லைத் திருப்பி அனுப்புவதில்லை. ஏன் அனுப்புகிறார்கள் என்பது உங்கள் ரிட்டர்ன் காரணங்களிலேயே இருக்கிறது. அதையும், உங்களுடையது மாதிரிப் பொருட்களுக்கு வந்த ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களையும் வாங்குபவர்கள் கேட்ட கேள்விகளையும் உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு சந்தேகத்தையும் அவர்கள் பேச்சிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். எது அதிகம் வருகிறதோ அது இரண்டாவது படம். டிசைனரைக் கூப்பிடுவது அதற்கப்புறம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் முதலில் நிற்பது அளவு. "12 இஞ்ச் என்று போட்டு 10 இஞ்ச் அனுப்பிவிட்டார்கள்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஏமாற்றவில்லை. விளிம்போடு சேர்த்து நீங்கள் அளந்தீர்கள், தோசை ஊற்றுகிற இடத்தை அவர்கள் அளந்தார்கள். கல்லை நேர் மேலிருந்து எடுத்து இரண்டு அளவையும் தனித்தனிக் கோட்டில் செ.மீ.யிலும் இஞ்சிலும் போடுங்கள். கைப்பிடியோடு மொத்த நீளமும் வேண்டும், அடுப்பில் பக்கத்துப் பர்னரை இடிக்குமா என்பது அதில்தான் தெரியும்.

அடுத்தது எடை. இதை எழுத்தில் போடாமல், கல்லைத் தராசில் வைத்து முள்ளோ எண்ணோ தெரிய எடுங்கள். பக்கத்திலேயே விளிம்பின் கனத்தை ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. வார்ப்பிரும்பு ஒரு கன செ.மீ.க்கு 7.2 கிராம் அளவில் இருக்கும். 30 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் என்றால் கைப்பிடி இல்லாமலே இரண்டரை கிலோ வரும். வாங்குகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதே அகலத்துக்கு 1.2 கிலோ என்று ஒருவர் போட்டால் கனம் இரண்டரை மி.மீ. கூட இல்லை, வார்ப்புக்கு அது மிகவும் மெலிசு. பெரும்பாலும் தகட்டுக் கல்லாக இருக்கும்.

மூன்றாவது, இண்டக்‌ஷனில் வைக்கலாமா என்பது. கல்லைக் கவிழ்த்து அடிப்பாகத்தை எடுங்கள், ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து அடி சமமாக இருப்பதைக் காட்டுங்கள். இரும்பு என்பதால் இண்டக்‌ஷனில் சூடாகும், ஆனால் அடி குழிந்தோ வளையம் வைத்தோ இருந்தால் சரியாக உட்காராது. பணியாரக்கல்லுக்கு இந்தப் படம் கட்டாயம் வேண்டும், குழிகளின் அடி எப்படி இருக்கிறது என்று முன்பக்கத்தில் தெரியவே தெரியாது.

அப்புறம் மேற்பரப்பு கிட்டத்தில் ஒன்று, பெட்டியில் வருகிற எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒன்று. தோசை சுடுகிற படம் கடைசியில் வரலாம், அங்கே தாராளமாகச் சட்னி வையுங்கள். முதல் படத்துக்குரிய தடை துணைப் படங்களுக்கு இல்லை. ஒரு படத்துக்கு ஒரு சந்தேகம் போதும். எழுத்தைச் சோதிக்க, படத்தை உங்கள் போனில் திறந்து, பெரிதாக்காமல், கண்ணாடி போடுகிற உங்கள் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 2000 பிக்சல் படம் போனில் ஆறரை செ.மீ. அகலத்துக்குச் சுருங்கிவிடும். எழுத்து 80 பிக்சல் உயரமாவது இருந்தால்தான் இரண்டரை மி.மீ.க்குத் தெரியும்.

30 செ.மீ. கல் வாங்கினேன். இரண்டரை கிலோ இருக்கிறது, என்னால் தூக்க முடியவில்லை. எடையை நாலாவது படத்தில் போட்டால் யார் பார்ப்பார்கள்? இது ஏமாற்று இல்லையா? (சென்னை)

இல்லை. தராசில் வைத்த படம் இருக்கிறது, எழுத்திலும் எடை இருக்கிறது. நீங்கள் பார்க்கவில்லை. ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

என் கல்லைத் தனியாக எடுத்து, ரெடிமேட் சமையலறைப் படத்தில் ஒட்டித் தருகிறேன் என்கிறார் டிசைனர். செலவு குறைவு. செய்யலாமா? (திருச்சி)

எனக்கு இதில் தனிக் கோபமே உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

பூஜை அறைக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினேன். படத்தில் அது ஒரு மர மண்டபத்தின் முன்னால், தரையில், இடுப்பு உயரத்துக்கு நின்றது. உயரம் எவ்வளவு என்று பக்கம் முழுக்கத் தேடினேன், எங்கும் இல்லை. கேள்வி கேட்டதற்கு "படத்தில் உள்ளபடி" என்று பதில் வந்தது. வந்த விளக்கு ஒரு சாண் உயரம். மண்டபம் ஒரு படம், விளக்கு இன்னொரு படம், ஒட்டினவர் இஷ்டத்துக்குப் பெரிதாக்கிவிட்டார். பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இது கைத்தவறு இல்லை. ஓர் அறைக்குள் ஒரு பொருளை வைத்துக் காட்டினால், பார்க்கிறவர் அந்த அறையை வைத்துத்தான் அளவெடுப்பார். அளவை எழுதாமல் அறையை மட்டும் காட்டுவது பொய்யான அளவைச் சொல்வதற்குச் சமம். சின்ன மேஜை, சின்னக் கம்பளம், கூடை என்று இப்படி ஏமாந்தவர்கள் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் கூச்சப்பட்டுப் புகாரே கொடுப்பதில்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கோடு ஒட்டுங்கள். படத்தில் உள்ள அடுப்பின் உண்மையான அகலம் தெரிய வேண்டும். அடுப்பு 60 செ.மீ., படத்தில் அது 1200 பிக்சல் என்றால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். கல் அடுப்பின் மேலேயே இருப்பதால் உங்கள் 30 செ.மீ. கல் 600 பிக்சல்தான் வர வேண்டும். டிசைனர் 800 வைத்தால் 40 செ.மீ. கல் விற்கிறீர்கள் என்று அர்த்தம். அடுப்பின் அளவு தெரியாத படத்தைத் தொடவே தொடாதீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டு அடுப்பில் கல்லை வைத்து ஜன்னலைத் திறந்து எடுங்கள். சுவரில் எண்ணெய்க் கறை இருந்தால் துடைத்துவிட்டு எடுங்கள். அந்தப் படத்தை எந்த வாங்குபவரும் சந்தேகப்பட மாட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் வாங்கி விற்கிறோம். அவர் எடுத்த படத்தை நான் போட்டுக்கொள்ளலாமா? (கரூர்)

கூடாது. படம் அவருடையது. அனுமதி எழுத்தில் கிடைத்தால் போடுங்கள், அதற்கு முன் கல்லும் ஒரே வார்ப்புதானா என்று அளந்து பாருங்கள்.

படத்தில் கன்னங்கரேல் என்று பளபளத்த கல், வந்தது மங்கின சாம்பல் நிறத்தில். வேறு கல்லை அனுப்பிவிட்டார்களா? (நாகர்கோவில்)

பழக்காத வார்ப்பிரும்பு சாம்பல் நிறம்தான். எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கிய பிறகுதான் கறுக்கும். உங்கள் பக்கத்தில் "பழக்கியது" என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள், சொன்னது வரவில்லை. ஒன்றும் போடாமல் பழக்கிய கல்லைப் படமெடுத்துப் பழக்காததை அனுப்பியிருந்தாலும் குற்றம் அவர்களுடையதுதான். வந்த கல்லைப் படத்தோடு சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுத்துப் புகாரில் இணையுங்கள். அதுவரை கல்லில் எண்ணெய் படவிடாதீர்கள், பயன்படுத்திவிட்டீர்கள் என்பார்கள்.