காலை 6 மணிக்கு வசந்தம் தானாக வரவேண்டும்: தொலைக்காட்சி டைமர் கேள்வி பதில்

செங்காங் வாசகி: அம்மாவுக்கு 78 வயது. ரிமோட்டைப் பார்த்தாலே பயம். காலை 6 மணிக்குத் தொலைக்காட்சி தானாக இயங்கி வசந்தம் வரும்படி செய்ய முடியுமா?

முடியும். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும் வசதி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வசந்தம் உங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சியின் பின்புறம் ஆன்டெனா கம்பி நேரடியாகச் செருகப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றதிலிருந்து நம் இலவச ஒளிவழிகள் எல்லாம் டிவிபி-டி2 முறையில்தான் வருகின்றன. அதை நேரடியாக ஏற்கும் தொலைக்காட்சியும் சன்னல் ஓரத்தில் ஒரு சிறிய உட்புற ஆன்டெனாவும் இருந்தால் போதும். ஒளிவழிகளை ஒருமுறை தேடிச் சேமித்துவிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். அமைப்புகளில் நேரம் என்ற பகுதிக்குப் போய், அங்கே காட்டும் மணியும் உங்கள் கைப்பேசியின் மணியும் ஒன்றா என்று பாருங்கள். கடிகாரம் சரியாக அமையாத வரை பல தொலைக்காட்சிகளில் On Timer என்ற வரி மங்கலாகவே இருக்கும், அதைத் தொடவே முடியாது.

பிறகு அதே பகுதியில் On Timer. நாள், நேரம், மூலம், ஒளிவழி, ஒலி அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நாளுக்கு Everyday கொடுங்கள். Once என்று விட்டால் முதல் நாள் மட்டும் இயங்கிவிட்டு மறுநாள் பேசாமல் இருக்கும், நீங்கள் பழுது என்று நினைப்பீர்கள். மூலத்துக்கு ஆன்டெனாவையும் ஒளிவழிக்கு வசந்தத்தையும் தேர்ந்தெடுங்கள். ஒலி அளவை அம்மா பகலில் கேட்கும் அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அதே ஒலி அதிகமாகத்தான் கேட்கும்.

சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். இப்போதைய நேரத்திலிருந்து 5 நிமிடம் தள்ளி டைமரை வைத்து, வேறு ஏதாவது ஒளிவழிக்கு மாற்றிவிட்டு ரிமோட்டால் அணையுங்கள். தானாக இயங்கி வசந்தமே வந்தால் சரி. நீங்கள் கடைசியாக விட்டுப்போன ஒளிவழி வந்தால், டைமரில் ஒளிவழி சேமிக்கப்படவில்லை என்று பொருள். சோதனை முடிந்ததும் நேரத்தை 6 மணிக்கு மாற்ற மறக்காதீர்கள்.

இன்னொன்று: அணைப்பது ரிமோட்டால் மட்டும். சுவர் சுவிட்சைத் தொடக்கூடாது.

பிடோக் வாசகர்: நான் 6 மணிக்கு வைத்தால் 8.30க்கு இயங்குகிறது. தினமும் அதே 8.30. கடையில் கொடுத்து மாற்ற வேண்டுமா?

வேண்டாம் அண்ணா. தாறுமாறான நேரத்தில் இயங்கினால் பழுது என்று சந்தேகிக்கலாம். தினமும் சரியாக இரண்டரை மணி நேரம் தாமதம் என்றால் அது நேர மண்டலம். இந்தியாவுக்கும் நமக்கும் அதே இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். நமக்கு 8.30 ஆகும்போது சென்னையில் 6 மணி. உங்கள் தொலைக்காட்சி சென்னை நேரத்தில் 6 மணிக்குச் சரியாகவே எழுந்திருக்கிறது. முதன்முதலில் அமைத்தபோது நாடு கேட்டிருக்கும், தமிழ் மொழியைத் தேடிய யாரோ இந்தியா என்று கொடுத்திருக்கலாம். நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். நாட்டையே மாற்றினால் சில தொலைக்காட்சிகள் ஒளிவழிகளை மறுபடி தேடச் சொல்லும், அப்போது டைமரிலும் ஒளிவழியைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகி: எல்லாம் சரியாக வைத்தேன். காலையில் ஒன்றும் நடக்கவில்லை. இரவு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன், அது எப்போதும் உள்ள வழக்கம்.

அதுதான் காரணம். மின்சாரம் இல்லாமல் டைமர் இயங்காது. தொலைக்காட்சியின் கீழ் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அது காத்திருக்கிறது. சில வகைகளில் அந்த விளக்கையே அணைத்து வைக்கும் அமைப்பு உண்டு. விளக்கு தெரியாவிட்டால் ரிமோட்டை அழுத்திப் பாருங்கள், இயங்கினால் மின்சாரம் இருக்கிறது.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: எங்கள் வீட்டில் கட்டண செட்-டாப் பெட்டி. தொலைக்காட்சி 6 மணிக்கு விழித்துக்கொள்கிறது. ஆனால் திரையில் No Signal. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிடுகிறது.

தொலைக்காட்சி தன் வேலையைச் செய்துவிட்டது. தூங்கிக்கொண்டிருப்பது பெட்டி. இந்த ஏற்பாட்டில் தொலைக்காட்சி வெறும் திரைதான். ஒளிவழியைப் பிடிப்பது பெட்டி, டைமர் இருப்பதோ தொலைக்காட்சியில். எச்டிஎம்ஐ 1க்கு மாறு என்று டைமரில் சொல்லலாம், பெட்டிக்குள் எந்த ஒளிவழி என்று சொல்ல முடியாது. படம் வராத திரை சில நிமிடங்களில் தானே அணைவதும் இயல்பான ஏற்பாடுதான்.

வழிகள் உண்டு. பெட்டியின் அமைப்பில், குறிப்பிட்ட நேரத்தில் தானாக இயங்கும் டைமர் இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் நினைவூட்டல் உதவாது, அது ஏற்கெனவே இயங்கும் பெட்டியில்தான் தோன்றும். உண்மையான டைமர் இருந்தால் வேலையைப் பெட்டியிடமே கொடுத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கம்பி வழியாக ஒரு கருவி இன்னொன்றை எழுப்பும் வசதிக்கு சாம்சுங் Anynet+ என்றும் எல்ஜி SimpLink என்றும் பெயர் வைத்திருக்கின்றன. தொலைக்காட்சியில் அது இயங்கினால், விழித்த பெட்டி தொலைக்காட்சியையும் எழுப்பிவிடும், ஒளிவழியும் பெட்டியின் கையில் இருக்கும். தொலைக்காட்சி பெட்டியை எழுப்புவதும் நடக்கும், ஆனால் எல்லா இணைகளுக்கும் ஒத்துவராது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

அதுவும் இல்லாவிட்டால் பெட்டியை அணைக்காமல் விடலாம். அப்போது இரவு கடைசியாகப் பார்த்த ஒளிவழிதான் காலையில் வரும். மகன் கிரிக்கெட் பார்த்துவிட்டுப் படுத்தால் காலையிலும் கிரிக்கெட்தான். நெடுநேரம் யாரும் தொடாத பெட்டி தானாக உறங்கும் அமைப்பும் இருக்கக்கூடும், அதையும் நிறுத்த வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது வசந்தம் மட்டும் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. ஓர் ஆன்டெனாவை வாங்கித் தொலைக்காட்சியில் நேரடியாகச் செருகுங்கள். கட்டண ஒளிவழிகளுக்குப் பெட்டி, காலை டைமருக்கு ஆன்டெனா. நான் எல்லாருக்கும் சொல்வது இதைத்தான்.

ஈசூன் வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சுவிட்சை அணைக்காதே என்று சொல்கிறீர்கள். இரவெல்லாம் மின்சாரம் வீணாகிறதே, மாதக் கட்டணம் யார் கட்டுவது?

கணக்குப் பார்ப்போம் ஐயா. இன்றைய தொலைக்காட்சி காத்திருக்கும் நிலையில் அரை வாட் அளவுதான் எடுக்கும். ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தாலும் 4 யூனிட்டுக்குச் சற்று அதிகம். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால், ஆண்டுக்கு 1 வெள்ளி 30 காசு.

ஈசூன் வாசகர்: தொலைக்காட்சிக்குச் சரி. பெட்டியை அணைக்காமல் விடச் சொன்னீர்களே, அதைக் கையால் தொட்டால் சுடுகிறது.

அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எப்போதும் 10 வாட் இழுக்கும் பெட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட், அதாவது 26 வெள்ளி எடுக்கும். தொலைக்காட்சியிலும் உடனே இயங்குவதற்கான விரைவுத் தொடக்க அமைப்பை வைத்திருந்தால் அரை வாட் கணக்கு பொருந்தாது. டைமருக்கு அது தேவையும் இல்லை, அணைத்துவிடலாம். ஆன்டெனா வழி நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோ பாயோ வாசகி: காசு இருக்கட்டும். இடி மின்னல்? எங்கள் மாடியில் ஒரு வீட்டில் மழையின்போது தொலைக்காட்சி போய்விட்டது. அதிலிருந்து நாங்கள் எல்லாரும் இரவில் அணைக்கிறோம்.

அக்கா, பயம் நியாயமானது, ஆனால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னலின் அதிர்வு ஆன்டெனா கம்பி வழியாகவும் இணையக் கம்பி வழியாகவும் வரலாம். இடி இடிக்கும்போது பிளக்கையும் கம்பிகளையும் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. மற்ற இரவுகளில் அணைக்கத் தேவையில்லை.

தோ பாயோ வாசகி: அதிகாலை மூன்று மணிக்கு இடித்தால் யார் எழுந்து கழற்றுவது?

அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் நீட்டிப்புப் பலகை உதவும், ஆனால் நேரடியாக அருகில் விழும் மின்னலுக்கு அது உத்தரவாதம் ஆகாது. உங்கள் பயம் பெரிதென்றால் இந்த வசதியை விட்டுவிடுங்கள். அணைத்தும் வைக்க வேண்டும், காலையில் எழவும் வேண்டும் என்பது மட்டும் நடக்காது.

ஈசூன் வாசகர்: நடக்கும். மீன் தொட்டிக்கு வைக்கும் டைமர் பிளக்கைப் போட்டால் 5.55க்கு மின்சாரம் வந்துவிடுமே?

மின்சாரம் வரும், படம் வராது. மின்சாரம் திரும்பியதும் பெரும்பாலான தொலைக்காட்சிகள் சிவப்பு விளக்கோடு காத்திருக்கும், தாமாக இயங்கா. கடிகாரமும் கேள்விக்குறி. கையால் வைத்த நேரம் பல வகைகளில் அழிந்துபோகும். ஒளிபரப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ நேரம் எடுப்பவை, விழித்த பிறகுதான் எடுக்கக்கூடும்.

ஈசூன் வாசகர்: என் அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சி மின்சாரம் வந்ததும் தானாக இயங்குகிறது.

அப்படிப்பட்டவையும் உண்டு. அவர் வீட்டுக்கு உங்கள் யோசனை பொருந்தும். உங்கள் வீட்டில் சோதித்துப் பார்த்து எழுதுங்கள்.

பொங்கோல் வாசகி: நான் படம் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன். தானாக அணைய எப்படி டைமர் வைப்பது?

அது Sleep Timer. அதே நேரப் பகுதியில் இருக்கும். எத்தனை நிமிடம் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

செங்காங் வாசகி: அம்மாவுக்கு வைத்துவிட்டேன், 6 மணிக்கு வசந்தம் வந்தது. ஆனால் 8 மணிக்குத் தானாக அணைந்துவிட்டது, அம்மா பதறிப்போனார். எல்ஜி தொலைக்காட்சி.

பழுதில்லை. டைமரால் இயங்கிய எல்ஜி தொலைக்காட்சிகளில், 2 மணி நேரம் யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று கருதி அணைந்துவிடும். வேறு நிறுவனங்களிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. எழுந்ததும் ஒலிப் பொத்தானை ஒருமுறை அழுத்தும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தப் பொத்தானில் மட்டும் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டிக் கொடுத்தால் ரிமோட்டைப் பார்த்துப் பயப்பட மாட்டார்.

கிளமெண்டி வாசகர்: ஆன்டெனா வேண்டாம். செயலி வழியாகத்தான் பார்க்கிறேன். டைமர் செயலியைத் திறக்குமா?

பெரும்பாலானவற்றில் திறக்காது. டைமர் ஆன்டெனாவையும் எச்டிஎம்ஐயையும்தான் அறியும்.

தெம்பனிஸ் வாசகர்: டைமர் வைத்தும் காலையில் இயங்கவில்லை. இரவு சுவிட்சை அணைப்பது காரணமாக இருக்குமா?

ஆம். மேலே உட்லண்ட்ஸ் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செராங்கூன் வாசகி: எனக்கும் இயங்கவில்லை. வீட்டு உதவியாளர் இரவில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிடுகிறார்.

அந்த ஒரு சுவிட்சின் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று அவர் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு முன் அவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். இணையக் கருவியும் அதே நீட்டிப்புப் பலகையில் இருந்தால் அதற்கும் சேர்த்து ஒட்டுங்கள், ஆன்டெனா இல்லாத வீட்டில் தொலைக்காட்சி நேரத்தை அந்த வழியாகத்தான் பெறுகிறது.