தொழிற்சாலையை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கலாமா?

"கோவையில் பம்ப் தயாரிக்கிறேன். என் கட்டடத்தை இடத்தோடு 5 கோடிக்கு வாங்கிக்கொண்டு எனக்கே மாதம் 4 லட்சம் வாடகைக்கு விடுகிறேன் என்கிறார் ஒருவர். 10 வருடம், வருடாவருடம் 5% ஏற்றம். 11% வட்டியில் பார்த்தால் மொத்த வாடகையின் இன்றைய மதிப்பு 3.41 கோடிதான். 1.59 கோடி மிச்சம் என்று விற்றுவிடலாமா?"

இந்த விலைக்கும் வாடகைக்கும் விற்க வேண்டாம். 3.41 கோடி என்பது சரியான கணக்குதான், ஆனால் பாதிக் கணக்கு. பத்து வருடம் வாடகை கட்டி முடித்த அன்று இடம் உங்களுடையதாக இருக்காது, அதை யாரும் கழிக்கவே இல்லை.

இடத்தின் மதிப்பு வருடம் 6% ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வருட முடிவில் 8.95 கோடி, அதே 11%-இல் இன்றைக்கு 3.15 கோடி. வாடகையையும் இதையும் கூட்டினால் நீங்கள் கொடுப்பது 6.56 கோடி. கைக்கு வருவதோ 5 கோடியும் முழுசாக இல்லை. வரி, பத்திரச் செலவு எல்லாம் 40 லட்சம் என்று வைத்தால் 4.60 கோடி. வட்டியாக மாற்றிப் பார்த்தால் வருடம் சுமார் 16.5%-க்குக் கடன் வாங்கியது மாதிரி. வங்கி 11%-க்குக் கொடுக்கத் தயாராக இருந்தால் இடத்தை அடமானம் வைத்து வாங்குங்கள்.

சரி, இடத்தின் விலை ஏறவே ஏறாது என்றால்? அப்போதும் பத்து வருடம் கழித்துள்ள 5 கோடிக்கு இன்றைய மதிப்பு 1.76 கோடி, 3.41-உடன் அது சேர்ந்து 5.17 கோடி ஆகிறது, கட்டுப்படியாகவில்லை. விலை ஏறாது என்று வைத்தாலே மாத வாடகை 3.33 லட்சத்துக்குக் கீழே வந்தால்தான் பேச்சு.

வங்கி கைவிரித்து, வெளியில் 24%-க்குக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தப் பணம் அதை அடைக்கும் என்றால் நிலைமை வேறு, அப்போது 16.5% மலிவு. ஆனால் தொழிலில் 25% லாபம் வருகிறது, அதனால் 11%-க்குப் பதில் 25%-இல் இன்றைய மதிப்பைப் பார்க்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள். விகிதத்தை ஏற்ற ஏற்ற வாடகையின் இன்றைய மதிப்பு சுருங்கி, எந்த ஒப்பந்தமும் நல்லதாகத்தான் தெரியும். மாற்றாக உங்களுக்கு நிஜமாகவே கிடைக்கக்கூடிய கடனின் வட்டி எதுவோ அதுதான் விகிதம்.

வரியில் ஒன்றைக் கவனியுங்கள். தேய்மானம் எடுத்துவந்த கட்டடத்தில் வரும் லாபம், எத்தனை வருடம் வைத்திருந்தாலும், குறுகிய கால லாபமாகவே போகும், நிலம் தனி. அதனால் 5 கோடியில் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து பிரித்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் விற்பதென்றால், குத்தகையைப் பதிவு செய்யாமல் பணத்தை வாங்காதீர்கள். பத்து வருடத்துக்குள் உங்களைக் காலி செய்யச் சொல்லக் கூடாது, அவர் விற்பதென்றால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும், இந்த இரண்டும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பெரிய எந்திரங்களை அடித்தளம் போட்டு இறக்கியிருக்கும் இடத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஏற்றிக் கேட்டால் உங்களால் சட்டென்று கிளம்ப முடியாது, அது அவருக்கும் தெரியும்.