படத்தில் இருக்கும் விலைப் பட்டியலும் எடையிட்ட குறியீட்டெண்ணும்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே படத்தைச் சுற்றித்தான். வீட்டுப் பொருட்களின் விலைப் பட்டியல் உள்ள பயிற்சித் தாளை யாரோ கைப்பேசியில் கொஞ்சம் சாய்வாகப் படம் எடுத்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்து நான் படித்துக்கொண்டது இது. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கேட்டிருப்பது எடையிட்ட குறியீட்டெண்: அடிப்படை மாதத்தை 100 என்று வைத்தால் இன்றைய விலைகள் மொத்தத்தில் எவ்வளவு என்பது.

| பொருள் | எடை | அடிப்படை விலை | நடப்பு விலை |
|---|---|---|---|
| குளியல் சோப்பு | 6 | 20 | 25 |
| சலவைத் தூள் | 3 | 40 | 44 |
| எரிபொருள் | 2 | 150 | 180 |
| மின்விளக்கு | 1 | 80 | 60 |

சார், மூன்று தடவை போட்டுவிட்டேன், எனக்கு 116.25 வருகிறது. விடையில் 113.2 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

உங்கள் பெருக்கலிலும் கூட்டலிலும் தப்பே இல்லை. நீங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் விலை எத்தனை சதவீதமாக ஆனது என்று கண்டிருக்கிறீர்கள்: 125, 110, 120, 75. அவற்றை 6, 3, 2, 1 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி, 12-ஆல் வகுத்திருக்கிறீர்கள். 1395-ஐ 12-ஆல் வகுத்தால் 116.25. சரியான வழிதான். ஆனால் இந்தத் தாளில் இருக்கும் எடைக்கு அது பொருந்தாது.

படத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு வரி தெரிகிறது: ‘எடை: அடிப்படை மாதத்தில் வாங்கிய எண்ணிக்கை’. அந்த ஒரு வரிதான் விடையைத் தீர்மானிக்கிறது. எடை என்பது எண்ணிக்கை என்றால், செய்ய வேண்டியது இதுதான்: அதே கூடையை அன்றைக்கு வாங்க எவ்வளவு, இன்றைக்கு வாங்க எவ்வளவு? அன்றைக்கு 120, 120, 300, 80, ஆக 620. இன்றைக்கு 150, 132, 360, 60, ஆக 702. 702-ஐ 620-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 113.2.

உங்கள் வழி எப்போது சரி? எடை என்ற இடத்தில் செலவுத் தொகையோ செலவின் பங்கோ இருக்கும்போது. சோதித்துப் பாருங்கள். 6, 3, 2, 1 என்பதற்குப் பதிலாக 120, 120, 300, 80 என்ற செலவுகளையே எடையாக வைத்து, உங்கள் வழியிலேயே போடுங்கள். 70200-ஐ 620-ஆல் வகுக்க வேண்டி வரும், விடை அதே 113.2. இரண்டு வழிகளும் பகையில்லை. எண்ணிக்கையைச் செலவு என்று எடுத்துக்கொண்டால்தான் பிசகுகிறது. உங்கள் கணக்கில் சோப்புக்கு மொத்த எடையில் பாதி போய்விட்டது. செலவில் பார்த்தால் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. சோப்பு அதிகம் ஏறிய பொருள், அதனால்தான் உங்கள் விடை மேலே போனது.

விரிதாளில் போடுபவர்களுக்கு, எடை B-யிலும் அடிப்படை விலை C-யிலும் நடப்பு விலை D-யிலும் இருந்தால், முதல் வரி எண்ணிக்கைக்கு, இரண்டாவது செலவுப் பங்குக்கு:

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)/SUMPRODUCT(B2:B5,C2:C5)*100
=SUMPRODUCT(B2:B5,D2:D5/C2:C5)/SUM(B2:B5)*100
```

எடைகளைக் கூட்டினால் 100 வரவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் 12 தான் வருகிறது. அப்படியென்றால் பட்டியலே தப்பு, இல்லையா?

பாதி சரி. எடைகள் சதவீதமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் கூட்டல் 100 வரவேண்டும். மற்றபடி எவ்வளவு வந்தாலும் கவலையில்லை. எடை செலவாக இருந்தால் கடைசியில் அந்தக் கூட்டலாலேயே வகுத்துவிடுகிறோம், இங்கே போல எண்ணிக்கையாக இருந்தால் 12 என்ற கூட்டல் கணக்கிலேயே வராது. ஆனால் நீங்கள் சொன்ன விதி படத்திலிருந்து படிக்கும்போது நல்ல காவல். எடை சதவீதத்தில் என்று போட்டிருந்து, நீங்கள் படித்த எண்களின் கூட்டல் 97 வந்தால், ஏதோ ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது ஒரு வரி படத்துக்கு வெளியே போயிருக்கிறது.

ஐயா, எங்கள் வீட்டில் சோப்பு 100 கிராம், சலவைத் தூள் ஒரு கிலோ. எடையை கிராமில் போடவா, கிலோவில் போடவா? இப்போது தூள் பாக்கெட் 900 கிராம்தான் வருகிறது, அதையும் மாற்ற வேண்டுமா?

அம்மா, இந்த ‘எடை’ தராசில் நிற்கும் எடை இல்லை. ஒரு பொருள் கணக்கில் எவ்வளவு கனம் பிடிக்கிறது என்பதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது, இந்தத் தாளில் அதற்கு வாங்கிய எண்ணிக்கையைப் போட்டிருக்கிறார்கள். கிராமும் கிலோவும் அந்தப் பத்தியில் வராது. ‘நிறை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதுவும் தராசையே நினைவுபடுத்துகிறது.

ஆனால் நீங்கள் கடைசியில் கேட்டது இந்தப் பட்டியலில் யாரும் கவனிக்காத விஷயம். பாக்கெட் 1000 கிராமிலிருந்து 900 கிராமாகச் சுருங்கி, விலை 40-லிருந்து 44 ஆகியிருந்தால், விலை 10 சதவீதம் ஏறியதாக எழுதுவது தவறு. ஒரு கிலோவுக்கு இப்போது 48.89 ஆகிறது. ஏற்றம் 22 சதவீதத்துக்கும் மேல். இந்தத் தாளில் அப்படி நடந்திருந்தால், நடப்பு விலையில் 44-ஐ எடுத்துவிட்டு 48.89 போட வேண்டும், குறியீடு 113.2-லிருந்து 115.6-க்குப் போகும். எடைப் பத்தியைத் தொடக்கூடாது, விலையைத்தான் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். படத்தில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அளவு ஏதாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு விலைக்கும் அதே அளவுதானா என்று தெரியாமல் கணக்கை ஆரம்பிக்க வேண்டாம்.

எரிபொருளின் நடப்பு விலை என் கண்ணுக்கு 130 மாதிரி தெரிகிறது. 180 என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஓர் இலக்கம்தானே, பெரிய வித்தியாசம் வந்துவிடுமா?

வரும். 130 என்று வைத்துப் போடுங்கள்: இன்றைய கூடை 602 ஆகிவிடும், குறியீடு 97.1. விலைகள் ஏறின என்று சொல்ல வேண்டிய இடத்தில் இறங்கின என்று எழுதிவிடுவோம். ஒரு நடப்பு விலையைத் தவறாகப் படித்தால் எவ்வளவு சேதம் என்பதைச் சுலபமாகக் கணக்கிடலாம்: பிழையை எண்ணிக்கையால் பெருக்கி, அடிப்படைக் கூடையின் தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். இங்கே 50-ஐ 2-ஆல் பெருக்கி 620-ஆல் வகுத்தால், 16 புள்ளிக்கு மேல் போகிறது. சோப்பின் 25-ஐ 26 என்று படித்திருந்தால் ஒரு புள்ளிகூடக் கெடாது. அதனால் மங்கலான படத்தில் எல்லா இலக்கத்துக்கும் ஒரே அளவு நேரம் செலவிட வேண்டாம். செலவில் பெரிய பங்கு பிடிக்கும் வரியை முதலில் உறுதி செய்யுங்கள்.

180 என்று நான் எடுத்ததற்கு இரண்டு காரணம். அந்த இலக்கத்தின் இடப்பக்கத்தில், மடிப்பு விழுந்த இடத்தில், மேல் வளையத்தை மூடும் மெல்லிய கோடு இருக்கிறது. அதே கையெழுத்தில் மின்விளக்கு வரியில் இருக்கும் 80-ஐ பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், 8 போடும் விதம் ஒன்றாக இருக்கிறது. விடைத்தாளில் 113.2 என்று இருப்பதும் ஒத்துப்போகிறது. ஆனால் விடையை வைத்து இலக்கத்தை முடிவு செய்வது கடைசிச் சோதனையாகத்தான் இருக்கவேண்டும்.

சாய்வாக எடுத்த படத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வலது பக்கம் போகப் போக கண் ஒரு வரி கீழே இறங்கிவிடும். சோப்பின் அடிப்படை விலைக்கு எதிரே தூளின் நடப்பு விலையைப் போட்டுவிடுவோம். 20 எப்படி 44 ஆனது என்று அப்போதே உறுத்த வேண்டும். படித்து முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் நடப்பை அடிப்படையால் வகுத்துப் பாருங்கள். மற்றவையெல்லாம் 1-க்குப் பக்கத்தில் இருக்க, ஒன்று மட்டும் 2-ஐத் தாண்டினால், கணக்கை நிறுத்திவிட்டுப் படத்துக்குத் திரும்புங்கள். நான் வகுப்பில் நடத்திய முதல் ஆண்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல், ஒரு தசமப் புள்ளியைத் தவறவிட்டு, கரும்பலகை நிறையத் தப்பான விடை எழுதியிருக்கிறேன்.

113.2 என்றால் விலை 113.2 சதவீதம் ஏறியதா?

இல்லை, 13.2 சதவீதம். அடிப்படை மாதம் 100. அடுத்து வேறொரு மாதம் 120 என்று வந்தால் 6.8 சதவீதம் கூடியதாகச் சொல்லாதீர்கள். அது புள்ளி. 120-ஐ 113.2-ஆல் வகுத்தால் சதவீத ஏற்றம் 6 தான்.

நான் கணக்குத் துறையில் இருப்பவன். நீங்கள் போட்டது லாஸ்பியர் முறை. எங்கள் வீட்டில் இப்போது சோப்பு 5, மின்விளக்கு 2 என்று மாறிவிட்டது, மற்ற இரண்டும் பழையபடிதான். இன்றைய எண்ணிக்கையை வைத்தால் 108.4 வருகிறது. எது உண்மை? லாஸ்பியர் மிகைப்படுத்துகிறது என்பதுதானே தெரிந்த விஷயம்?

நீங்கள் சொன்ன 108.4 சரி. இன்றைய கூடைக்கு அன்றைய விலையில் 680, இன்றைய விலையில் 737. இது பாசி முறை. லாஸ்பியர் 1871-லும் பாசி 1874-லும் முன்வைத்தவை இவை. விலை குறைந்த மின்விளக்கை அதிகமாகவும், விலை ஏறிய சோப்பைக் குறைவாகவும் வாங்கியிருக்கிறீர்கள். அதனால்தான் பாசி கீழே நிற்கிறது. எல்லாப் பட்டியலிலும் இப்படி ஆகும் என்று சட்டமில்லை. வருமானம் கூடி, விலை ஏறிய பொருளையே அதிகம் வாங்க ஆரம்பித்தால் பாசி மேலே போவதும் உண்டு.

இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 110.8. ஃபிஷர் 1922-ல் தன் நூலில் இதைத்தான் சிறந்த குறியீடு என்று வாதாடினார். எனக்கும் அந்த எண்மேல் மதிப்பு உண்டு, ஆனால் பயிற்சித் தாளில் ஒரே ஓர் எண்ணிக்கைப் பத்திதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பாசியும் போட முடியாது, ஃபிஷரும் போட முடியாது. கேட்டிருப்பது 113.2.

மின்விளக்கு 80-லிருந்து 60 என்று இறங்கியிருக்கிறதே, அன்றைக்கு வாங்கியதும் இன்றைக்கு வாங்கியதும் ஒரே விளக்குதானா? பழையது இழை விளக்கு, இப்போது எல்இடி என்றால்?

நியாயமான கேள்வி, இந்தத் தாளை வைத்து முடிவு சொல்ல முடியாது. வெளிச்சம் ஒன்றாக இருந்தும் புதியது பல மடங்கு நாள் எரிகிறது என்றால், எரியும் நேரத்தை வைத்துப் பார்த்த விலை 60-ஐவிட இன்னும் கீழே போக வேண்டும். அதை எப்படி அளப்பது என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை. மின்சாரச் செலவு குறைவதை விளக்கின் விலையில் சேர்க்கலாமா, அது மின்சாரம் என்ற தனிப் பொருளின் கணக்குக்குப் போக வேண்டியதா என்று என்னோடு வேலை பார்த்தவரும் நானும் பல மாலைகள் பேசியிருக்கிறோம், அவர் சேர்க்கலாம் என்பார், நான் கூடாது என்பேன். இந்தத் தாளில் மின்விளக்கு வரியை முழுக்க நீக்கிவிட்டுப் போட்டால் குறியீடு 118.9 ஆகிறது. 642-ஐ 540-ஆல் வகுத்துப் பாருங்கள்.