அயடீன் நியமிப்பு: மாப்பொருளுக்கு என்ன அவசரம்?

வெளிற்றும் திரவத்தை நியமிக்கும்போது நீலம் போகவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாசிப்பு. (மாணவி, வட்டக்கச்சி)

பிள்ளை, மாப்பொருளை எப்போது விட்டீர் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரிகிறது, தொடக்கத்திலேயே விட்டிருக்கிறீர். குடுவை கடும் கபிலமாக, அயடீன் நிறைந்து நிற்கும்போது விட்டால், அதில் ஒரு பங்கு மாப்பொருளோடு இறுகப் பிணைந்துவிடும். தயோசல்பேற்று விழுந்தாலும் அது மெல்ல மெல்லத்தான் விடுபடும். கரைசலில் கருநீலத் திட்டுகள் மிதக்கும். நீர் பொறுமையில்லாமல் அளவியைத் திறந்துகொண்டே போவீர், முடிவுப் புள்ளி தாண்டிவிடும்.

செய்முறைத் தாள்களில் "மாப்பொருள் சேர்க்க" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு, எப்போது என்பதை விழுங்கிவிடுவது எனக்குப் பழைய கோபம். கபிலம் மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வரட்டும். குடுவைக்குக் கீழே வெள்ளை ஓடு வைத்துப் பாரும். அப்போதுதான் மாப்பொருள், ஒன்றிரண்டு மில்லிலீற்றர். அதன் பிறகு அரை மில்லிலீற்றர், மிஞ்சினால் ஒன்று போக நீலம் மறைய வேண்டும். ஐந்து போனால் அவசரப்பட்டுவிட்டீர்.

வெளிற்றும் திரவப் போத்தலில் 5 வீதம் என்று இருக்கிறது. எனக்கு 12 மில்லிலீற்றர்தான் போனது. சரியா? (மாங்குளம்)

எதை எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதாமல் சரியா என்று கேட்டால் நான் என்ன சோதிடனா? வழமையான முறை என்றே வைத்துக்கொள்கிறேன்: 10 மில்லிலீற்றரை 250 ஆக்கி, அதில் 25 எடுத்து, 0.1 மூலர் தயோசல்பேற்றால் நியமித்திருப்பீர்கள். போன தயோசல்பேற்று 1.2 மில்லிமூல். அதன் பாதி, 0.6, ஐப்போகுளோரைற்று. 250க்கு 6. அது முழுவதும் முதலில் எடுத்த 10 மில்லிலீற்றரில் இருந்தது, ஆகவே 0.6 மூலர். 74.5ஆல் பெருக்கினால் லீற்றருக்கு ஏறக்குறைய 45 கிராம், அதாவது 4.5 வீதம். கடை வாசலில் வெயில் காய்ந்த போத்தலுக்கு இது நம்பக்கூடிய விடைதான். வெப்பமும் வெளிச்சமும் அதைச் சிதைக்கும்.

ஒரு எச்சரிக்கை: அயடைட்டு முதல், அமிலம் பிறகு. மாறிச் செய்தால் குளோரீன் வாயுவாகப் பறக்கும். வாசிப்பும் குறையும், மூச்சும் முட்டும்.

விற்றமின் சீ குளிசைக்கும் மாப்பொருள் கடைசியிலா?

அளவியில் அயடீன் இருந்தால் தொடக்கத்திலேயே விடலாம், குடுவையில் சுயாதீன அயடீன் இல்லையே. அயடேற்றால் மிகை அயடீன் உண்டாக்கி, மிச்சத்தைத் தயோசல்பேற்றால் நியமித்தால் கடைசியில்தான்.

நிறம் போய்ச் சில நிமிடத்தில் நீலம் திரும்புகிறது.

காற்றின் ஒட்சிசன் செய்யும் வேலை. முதலில் மறைந்த வாசிப்பை எடுங்கள். அரை நிமிடத்துக்குள்ளேயே திரும்பினால் அயடைட்டோ அமிலமோ போதவில்லை. அமிலம் போதாதென்று கூட்டும்போதும், அயடைட்டு முதல்!

சோற்றுக் கஞ்சித் தெளிவு மாப்பொருளுக்கு உதவுமா?

அன்றன்று வடித்ததென்றால் உதவும். நேற்றையது வேண்டாம். செங்கபிலம் காட்டினால் ஊற்றிவிடுங்கள்.