அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடுடன் தரம்பார்க்கும்போது ஏன் பினால்ப்தலீன்தான் வேண்டும்? மெத்தில் ஆரஞ்சு ஏன் கூடாது? பாதி நடுநிலையாக்கலில் pH = pKa என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தொடர்பு உண்டு. பாதிப் புள்ளியின் pH தெரிந்துவிட்டால், எந்த நிறங்காட்டி பொருந்தும், எது பொருந்தாது என்பதை மனப்பாடமே இல்லாமல் நீங்களே சொல்லிவிடலாம். நீங்கள் மேல்நிலை வகுப்பிலோ இளநிலை வேதியியலிலோ படிப்பவர் என்றும், ‘வலிமை குறைந்த அமிலம், வலிமை மிகுந்த காரம் என்றால் பினால்ப்தலீன்’ என்ற ஒரு வரி அட்டவணையை மட்டும் உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

25 மி.லி. அசிட்டிக் அமிலக் கரைசல் கூம்புக் குடுவையில் இருக்கிறது; பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. இரண்டின் செறிவும் 0.1 மோலார். காரம் சேர்ப்பதற்கு முன் pH ஏறத்தாழ 2.9. முதல் சில துளிகளில் அது சற்று விரைவாக ஏறும். பிறகு ஏற்றம் மந்தமாகிவிடும். 2.5 மி.லி. சேர்த்தபோது 3.8, 12.5 மி.லி. சேர்த்தபோது 4.76, 22.5 மி.லி. சேர்த்தபோது 5.7. அதாவது, இடையில் சேர்த்த 20 மி.லி. காரமும் pH-ஐ இரண்டு அலகுகூட உயர்த்தவில்லை. குடுவையில் அமிலமும் அதன் அசிட்டேட் அயனியும் சேர்ந்தே இருப்பதால் கரைசல் தாங்கல் கரைசலாக நடந்துகொள்கிறது. சரிபாதியான 12.5 மி.லி.யில் இரண்டின் அளவும் சமம். தாங்கல் கரைசலின் pH என்பது, pKa-வோடு அயனிக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் கிடைப்பது. இங்கே அந்த விகிதம் ஒன்று, ஒன்றின் மடக்கை பூச்சியம். எனவே அங்கே pH, pKa-க்குச் சமமாகிறது. வளைகோடு மிகவும் படுத்துக் கிடப்பதும் அந்த இடத்தைச் சுற்றித்தான்.

இனி மெத்தில் ஆரஞ்சைப் பாருங்கள். அது pH 3.1-இல் சிவப்பிலிருந்து மாறத் தொடங்கி 4.4-இல் மஞ்சளாகிறது. இந்த எல்லை முழுவதும் தாங்கல் பகுதிக்குள்ளும் அதன் வாசலிலும் அமைகிறது. கணக்கிட்டால், முதல் அரை மி.லி.க்குள்ளாகவே நிறம் மாறத் தொடங்கி, 7.6 மி.லி. வாக்கில் மஞ்சளாகி முடிந்துவிடும். சமானப் புள்ளியோ 25 மி.லி.யில் இருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று என்பதால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்முறை வகுப்புகளைக் கவனித்துவந்த காலத்தில், ஒரு செய்முறைத் தேர்வின் பாதியில் பினால்ப்தலீன் தீர்ந்துபோனது. பொறுப்பாளர், ‘இதுவும் அமில, கார நிறங்காட்டிதானே’ என்று சொல்லி மீதமிருந்த மேசைகளுக்கு மெத்தில் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டார். அந்த மாணவர்களின் அளவீடுகள் 3 மி.லி.யிலிருந்து 8 மி.லி. வரை சிதறிக் கிடந்தன. ஒருவருக்கே அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவரவில்லை. நிறம் ஆரஞ்சாகவே நீண்ட நேரம் நின்றதால், எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொருவரின் கண்ணைப் பொறுத்ததாகிவிட்டது. முழுமஞ்சள் வரும்வரை பொறுத்திருந்த மாணவிக்குக்கூட அமிலத்தின் செறிவு 0.03 மோலார் என்றுதான் வந்தது. உண்மையான செறிவு 0.1. அன்று மாலை அதே கரைசலை pH அளவியை வைத்து ஒவ்வொரு மி.லி.யாகத் தரம்பார்த்து, வரைபடத்தாளில் வளைகோட்டை வரைந்து, மெத்தில் ஆரஞ்சின் எல்லையை அதன்மேல் பட்டையாகக் குறித்துப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். மாணவர்களின் கைத்திறனில் குறையில்லை என்பதை அந்த ஒரு தாள் ஐயமின்றிக் காட்டியது. ஆயினும் மதிப்பெண்களைத் திருத்த அவர் ஒப்பவில்லை. விடைக்குறிப்பில் உள்ள எண்ணோடு அளவீடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும் திருத்தமுறையின் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

சரி, பொருத்தமான நிறங்காட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாதிப் புள்ளியிலிருந்தே தொடங்குங்கள். அமிலம் 99.9 விழுக்காடு நடுநிலையானபோது அயனிக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஆயிரம். ஆயிரத்தின் மடக்கை மூன்று. எனவே அப்போதைய pH, பாதிப் புள்ளியின் pH-ஐவிட மூன்று அலகு கூடுதல்: 4.76 + 3 = 7.76. மறுபக்கத்தில், சமானப் புள்ளியைத் தாண்டி 0.1 விழுக்காடு காரம், அதாவது 0.025 மி.லி., கூடுதலாக விழுந்தால் pH 9.7 ஆகிவிடும். இந்த 7.76-க்கும் 9.7-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும்படி நிறம் மாறும் எதுவும் பொருத்தமான நிறங்காட்டியே. பினால்ப்தலீனின் முதல் இளஞ்சிவப்பு ஏறத்தாழ 8.3-இல் தோன்றுகிறது, சமானப் புள்ளியின் pH 8.7. இரண்டுக்கும் இடையே உள்ள கனஅளவு ஒரு துளியைவிடக் குறைவு. தைமால் நீலத்தின் காரப் பக்க நிறமாற்றமும் (8.0 முதல் 9.6 வரை) இங்கே பொருந்தும் என்பதால், ‘பினால்ப்தலீன்தான்’ என்று அறுதியிட்டுச் சொல்லத் தேவையில்லை.

‘நடுநிலையாக்கல் என்றால் pH 7 தானே, புரோமோதைமால் நீலம் ஏன் ஆகாது?’ என்று சிலர் கேட்பார்கள். சமானப் புள்ளியில் குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி நீரிலிருந்து புரோட்டானைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனியை உண்டாக்குவதால் கரைசல் காரத்தன்மை கொண்டிருக்கிறது. புரோமோதைமால் நீலம் pH 6.0-இல், அதாவது 23.6 மி.லி.யிலேயே மாறத் தொடங்கும். முழுநீலம் வரும்வரை காத்திருப்பவருக்கு 24.96 மி.லி. கிடைக்கும், பச்சையைக் கண்டதும் நிறுத்துபவருக்கு ஒரு மி.லி.க்கு மேலேயே பிழை வரலாம்.

pH = pKa என்பது தோராயம்தான் என்று யாரேனும் திருத்த வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அசிட்டிக் அமிலத்துக்கு இந்தத் தோராயத்தால் குறிப்பிடத்தக்க பிழை எதுவும் இல்லை. ஆனால் குளோரோஅசிட்டிக் அமிலத்தை (pKa 2.87) 0.01 மோலார் அளவுக்கு நீர்த்துத் தரம்பார்த்தால், அமிலம் தானாகவே அயனியாவதைப் புறக்கணிக்க முடியாது. பாதிப் புள்ளியில் pH ஏறத்தாழ 3.1 என்று வரும். மறுகோடியில் போரிக் அமிலம் (pKa 9.24) இருக்கிறது. அதற்கு மூன்றைக் கூட்டினால் 12-ஐத் தாண்டுகிறது. மேல் எல்லையான 9.7-ஐவிட அது உயர்ந்துவிடுவதால், செங்குத்தான ஏற்றமே இருக்காது, நேரடியாக எந்த நிறங்காட்டியும் உதவாது. மானிட்டால் சேர்த்து அதை முன்னைவிட வலிமையான அமிலமாக நடந்துகொள்ளச் செய்த பிறகுதான் பினால்ப்தலீனைக் கொண்டு தரம்பார்க்கிறார்கள்.

முன்பின் தெரியாத ஒற்றைப் புரோட்டான் அமிலத்தைக் கொடுத்தால், முழு வளைகோட்டையும் வரையாமலேயே பாதிப் புள்ளியைப் பிடிக்கலாம். கரைசலைப் பிப்பெட்டால் இரண்டு சம பங்குகளாக எடுங்கள். ஒரு பங்கைப் பினால்ப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு வரும்வரை காரத்தால் தரம்பாருங்கள். அந்த நிறம் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். அதன்பிறகு மெதுவாக மங்கினால் கவலைப்படாதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் அப்படி நேர்கிறது. மேலும் காரம் சேர்க்க வேண்டாம். தொடாமல் வைத்திருந்த மற்றொரு பங்கை இதனோடு கலந்துவிட்டால், அமிலமும் அதன் அயனியும் சமமாகிவிடும். அந்தக் கலவையின் pH-ஐ அளந்தால் அதுவே pKa. அமிலத்தின் செறிவும் காரத்தின் செறிவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அளவியை மட்டும் pH 4, 7 தாங்கல் கரைசல்களில் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணோடு மூன்றைக் கூட்டிப் பார்த்தால், நீங்கள் பயன்படுத்திய பினால்ப்தலீன் அந்த அமிலத்துக்குப் பொருத்தமானதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.