போனஸ் கூடியும் கார் பிரீமியம் ஏறியது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் வழியாக தினமும் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். 1197 சிசி பெட்ரோல் கார், வாங்கி மூன்று வருடம் முடியப்போகிறது, இதுவரை கிளெய்ம் எடுத்ததில்லை. போன வருடம் 7,900 ரூபாய் கட்டினேன். இந்த வருடம் போனஸ் 35% ஆகியும் நோட்டீஸில் 12,102 ரூபாய் போட்டிருக்கிறார்கள். போன வாரம் தென்னந்தோப்பில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் உடைந்தது, 7,500 ரூபாய் எஸ்டிமேட். கிளெய்ம் போடலாமா? ஏஜண்ட் அனுப்பிய நோட்டீஸை அப்படியே கட்டலாமா?

பதில்: தொகை ஏறியதற்கு ஏஜண்ட் காரணம் இல்லை. 2018 செப்டம்பரில் இருந்து புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை, அதாவது உங்கள் காரால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கான பிரீமியத்தை, ஷோரூமில் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். அதனால் போன இரண்டு ரினிவலிலும் நீங்கள் உங்கள் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும் கட்டினீர்கள். அந்த மூன்று வருடம் இப்போது முடிகிறது. உங்கள் நோட்டீஸில் 3,416 ரூபாய் என்று ஒரு வரி புதிதாக வந்திருக்கிறதே, அதுதான் தேர்ட் பார்ட்டி. 1000 முதல் 1500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு அரசு அறிவித்து 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணம் அது. கேரளப் பதிவோ தமிழ்நாட்டுப் பதிவோ, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதில் பேரம் கிடையாது.

உங்கள் 35% அந்த வரியைத் தொடாது. என்.சி.பி. என்கிற அந்த நோ கிளெய்ம் போனஸ் ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். நோட்டீஸில் ஓன் டேமேஜ் 5,400; அதில் 35% என்றால் 1,890 ரூபாய் கழிவு. ஆட்-ஆன் என்கிற கூடுதல் கவர்கள், தேர்ட் பார்ட்டி, 18% ஜி.எஸ்.டி. எல்லாம் இந்தக் கழிவுக்கு வெளியே நிற்கின்றன.

சரி, பம்பருக்கு வருவோம். கிளெய்ம் போட்டால் கைக்கு என்ன வரும்? இப்போதைய பாலிசியில் தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப் கவர் இருப்பதால் பிளாஸ்டிக் பாகத்துக்கு பாதி கழிக்க மாட்டார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக 6,500 கிடைக்கும். ஆனால் கிளெய்ம் வாங்கினால் இந்த ரினிவலிலேயே 35% பூஜ்யமாகிவிடும். அப்புறம் 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக மறுபடி ஏற வேண்டும். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ரினிவலில் 45%, அதற்கடுத்து 50%, அதோடு உச்சவரம்பு. இரண்டு பாதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வருடம் 35 சதவீதப் புள்ளி இழப்பு, பிறகு 25, 25, 15, 5. காரின் மதிப்பு இறங்க இறங்க ஓன் டேமேஜ் பிரீமியமும் இறங்கும் என்பதையும் சேர்த்துப் போட்டால், ஐந்து வருடத்தில் ஜி.எஸ்.டி.யோடு ஏறக்குறைய 6,500 ரூபாய் போகிறது. வருவதும் அதே தொகைதான். கிளெய்ம் போட்டு ஒரு லாபமும் இல்லை, கைக்காசில் பம்பரை மாற்றிவிடுங்கள். எஸ்டிமேட் 15,000 என்று வந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. கிளெய்ம் எடுத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய் "கிளெய்ம் இல்லை" என்று எழுதிக்கொடுக்கச் சொல்லும் ஏஜண்டுகள் இருக்கிறார்கள். கம்பெனிகள் தங்களுக்குள் கேட்டு உறுதிசெய்கின்றன. பின்னால் பெரிய விபத்து நடந்தால் அந்தப் பொய்யைக் காட்டியே ஓன் டேமேஜ் கிளெய்மை நிராகரிப்பார்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது பிரீமியம் இல்லை, ஐ.டி.வி. கட்டத்தில், அதாவது காரின் காப்பீட்டு மதிப்பாகப் போட்டிருக்கும் 3,60,000. கார் திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75%-ஐத் தாண்டினாலோ கம்பெனி உங்களுக்குத் தரும் உச்சத்தொகை அதுதான். கணக்கு எளிது: உங்கள் மாடலின் இன்றைய ஷோரூம் விலையில் (ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் சேர்க்காமல்) வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்று வயது வரை 30%, மூன்று தாண்டி நான்கு வரை 40%. உங்கள் காரின் விலையை ஏழு லட்சம் என்று வைத்தால் 40% கழித்தாலும் 4,20,000 வர வேண்டும். கம்பெனிகள் இதில் கொஞ்சம் மேலே கீழே போக இடம் தருகின்றன. ஏஜண்ட் அந்த இடத்தைக் கீழ்ப்பக்கமாகவே பயன்படுத்தியிருக்கிறார், மொத்தம் குறைவாகத் தெரியட்டும் என்று.

இந்த 60,000 ரூபாயைத் திரும்பச் சேர்க்க என்ன செலவாகும் பாருங்கள். ஓன் டேமேஜ் 5,400-லிருந்து 6,300 ஆகும். கூடிய 900-இல் உங்கள் 35% கழிந்தால் 585, ஜி.எஸ்.டி.யோடு 690. இதைக் கேட்டு வாங்காமல் விடுவது சரியில்லை. குறைந்த ஐ.டி.வி.யில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2,80,000 ரூபாய் ரிப்பேர் வந்தால் 4,20,000 ஐ.டி.வி.யில் காரைச் சரிசெய்து தருவார்கள். 3,60,000-இல் 75% வரம்பு 2,70,000 என்பதால் டோட்டல் லாஸ் என்று கணக்கை முடித்துவிடலாம். லோன் பாக்கி இருந்தால் அந்தப் பணமும் முதலில் பேங்குக்குத்தான் போகும்.

ஏஜண்ட் ஆட்-ஆன் நான்கு சேர்த்திருக்கிறார். ஸீரோ டெப் 1,600 இருக்கட்டும். உங்கள் பம்பர் பில்லையே எடுங்கள்: பாகம் மட்டும் 4,200 ரூபாய் என்றால், ஸீரோ டெப் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் என்பதால் 2,100 கழித்துவிடுவார்கள், அதற்கு மேல் அந்த 1,000. என்ஜின் கவர் 500-ஐயும் நீக்காதீர்கள். சித்தூர் தாலுகா காய்ந்த பூமி, இங்கே எதற்கு என்று தோன்றும். ஆனால் நீங்கள் போவது கோயமுத்தூருக்கு. ஒரு மணி நேரம் கொட்டினால் லங்கா கார்னர் ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் நிற்கும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே புகுந்த தண்ணீர் என்ஜினை உடைக்கும். சாதாரண பாலிசி அதைப் பின்விளைவு என்று சொல்லி ஒதுக்கும். கவர் இருந்தாலும் சாவியைத் திருப்பாமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

சாவி கவர் 300, டயர் கவர் 600 இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்று வருடம் ஓடித் தேய்ந்த டயருக்கு அந்தக் கவரில் கிடைப்பது சொற்பம். அப்புறம் 330 ரூபாய்க்கு ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் பெயரில் இருக்கும் ஸ்கூட்டர் பாலிசியிலேயே 15 லட்சத்துக்கு அது நடப்பில் இருந்தால் காருக்கு இரண்டாவது தேவையில்லை. இல்லையென்றால் கட்டாயம் வேண்டும்.

இப்படித் திருத்தி, அந்த 330-உம் தேவைப்படாவிட்டால் ஓன் டேமேஜ் 4,095, ஆட்-ஆன் 2,100, தேர்ட் பார்ட்டி 3,416, ஜி.எஸ்.டி.யோடு சுமார் 11,341 ரூபாய். ஐ.டி.வி. ஏறுவதால் ஸீரோ டெப்பில் சில பத்து ரூபாய் கூடலாம். எப்படியும் ஏஜண்ட் அனுப்பியதைவிடக் குறைவு, கவர் 60,000 அதிகம்.

திருத்திய நோட்டீஸை எழுத்தில் வாங்கிக்கொண்டு, முடிவுத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிடுங்கள். ஒரு நாள் தவறினாலும் வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டச் சொல்வார்கள், 90 நாள் தாண்டினால் 35%-உம் போய்விடும். பம்பரையும் அதற்குள் மாட்டிவிடுங்கள். உடைந்த பம்பரோடு இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்றால், அதைப் பழைய சேதம் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள்.