கால்வாசிதான் மிச்சம் என்றால் வேலையை விடலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 மாதம். டேகேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் டேகேருக்கே போகிறது. போக்குவரத்து, வெளிச்சாப்பாடு, அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பிடிக்கிற சம்பளம் எல்லாம் கழித்தால் கையில் கால்வாசிதான் மிஞ்சுகிறது. “இதற்காகவா இத்தனை ஓட்டம்?” என்கிறார் கணவர். பள்ளியில் சேர்க்கும்வரை 3 வருடம் வேலையை விட்டுவிடலாமா? கணக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் வந்து விழுகிற தொகையை மட்டும் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிற தம்பதிகள் பெரும்பாலும் அப்படித்தான் போடுவார்கள். ஒருவர் டேகேர் ரசீதின் பின்பக்கத்திலேயே பென்சிலில் கூட்டிக் கழித்து எடுத்து வந்திருந்தார். அவருடைய கழித்தலில் தப்பே இல்லை. ஆனால் கணக்கில் எடுக்க வேண்டியவற்றில் பாதிதான் அதில் இருந்தன.

உங்கள் கைக்கு வரும் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். டேகேர் 55, போய்வரும் செலவும் சாப்பாடும் 12, விடுப்பில் போவது சராசரியாக 6. மிச்சம் 27. நீங்கள் சொன்ன கால்வாசி இதுதான். இப்போது சீட்டில் ஓய்வூதியச் சேமிப்புக்காகப் பிடித்திருக்கும் தொகையைப் பாருங்கள். உங்களிடமிருந்து 10, நிறுவனம் தன் பங்குக்கு 10 போடுகிறது என்றால், மாதம் 20 உங்கள் பெயரில் சேர்கிறது. கைக்கு வராததால் அது கண்ணில் படுவதில்லை. வேலையை விட்டால் அதுவும் நின்றுவிடும். ஆக நீங்கள் விடப்போவது 27 அல்ல, 47. நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீட்டில் குழந்தையும் இருந்தால், அதை வெளியில் வாங்க என்ன ஆகும் என்று விசாரித்து அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இந்த 55 அப்படியே நிற்காது. கைக்குழந்தைக்கும் தவழ்கிற குழந்தைக்கும்தான் டேகேரில் கட்டணம் அதிகம். ஒரு பராமரிப்பாளர் அந்த வயதில் மூன்று நான்கு குழந்தைகளைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். தானாகச் சாப்பிட்டு, கழிப்பறைக்குச் சொல்லிப் போகிற வயதில் அதே ஆள் இன்னும் அதிகம் பேரைப் பார்க்கலாம். அதனால் வயது ஏற ஏறப் பெரும்பாலான இடங்களில் கட்டணம் இறங்கும். விலைவாசிக்காக வருடாவருடம் ஏற்றுவதையும் சேர்த்து, இரண்டாம் வருடம் 52, மூன்றாம் வருடம் 45 என்று வைத்துக்கொள்கிறேன். டேகேரில் சேர்ந்த முதல் வருடம் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும். அப்புறம் குறையும். விடுப்பில் போவது 4, பிறகு 2. உங்கள் சம்பளமோ வருடம் 6 சதவீதம் ஏறினால் 106, அடுத்து 112. போக்குவரத்தும் சாப்பாடும் 12 என்றே இருந்தால் மிச்சம் இரண்டாம் வருடம் 38, மூன்றாம் வருடம் 53. இருப்பதிலேயே மோசமான வருடத்தில் நின்றுகொண்டு மூன்று வருடத்துக்கும் முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள்.

36 மாதத்துக்கும் கூட்டினால், கையில் மிஞ்சியிருக்கக்கூடியது 1,416. ஓய்வூதியச் சேமிப்பு 720. மொத்தம் 2,136. அதாவது இன்றைய சம்பளத்தில் ஏறக்குறைய 21 மாதச் சம்பளம். வீட்டில் இருந்தால் மிச்சமாகும் சில்லறைச் செலவுகளையும், பகலெல்லாம் வீட்டில் இருப்பதால் கூடும் மின்கட்டணம், விளையாட்டுச் சாமான் வகையறாவையும் ஒன்றுக்கொன்று சரி என்று விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த மூன்று வருடம் இல்லை, நான்காவது வருடம். இடைவெளிக்குப் பிறகு விட்ட சம்பளத்துக்கே, அதாவது 100-க்கே, வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலையை விடாமல் இருந்திருந்தால் அப்போது 119 வாங்கிக்கொண்டிருப்பீர்கள். மாதம் 19 குறைவு. அந்த இடைவெளி பெரிதாகாமல் அப்படியே 10 வருடம் நீடித்தாலே 2,280. மூன்று வருடத்தில் விட்டதைவிட இது கொஞ்சம் அதிகம்! வேலை தேட ஆகும் மாதங்களை நான் சேர்க்கவில்லை.

இந்த இரண்டாவது பாதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. நீண்ட விடுப்பு எடுத்தாலும் பணி மூப்பு போகாத வேலை என்றால் அது ஏறத்தாழ மறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவியும் மென்பொருளும் மாறுகிற துறையில் 100-க்கே திரும்ப எடுப்பார்களா என்பதே கேள்வி. உங்கள் துறையில் இடைவெளி விட்டுத் திரும்பி வந்த இரண்டு பேரிடம், “எந்தச் சம்பளத்தில் எடுத்தார்கள், எத்தனை மாதம் தேடினீர்கள்?” என்று கேளுங்கள். என் அட்டவணையைவிட அந்தப் பதில்கள் உங்களுக்கு உதவும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே கணக்கை உங்கள் கணவரின் சம்பளத்துக்குப் போட்டுப் பார்த்தீர்களா? டேகேர் கட்டணத்தை ஒருவர் சம்பளத்தில் கழிப்பது கணக்குப்படி சரிதான், அவர் வேலையை விட்டால் மிச்சமாவது அதுதானே. ஆனால் அம்மாவின் சம்பளத்தில்தான் எப்போதும் கழிக்கிறார்கள். உயர்வு குறைவாக வருவது யாருக்கு, திரும்பச் சேர்வது யாருக்குச் சுலபம் என்று இருவருக்கும் போட்டுப் பார்த்தபின் நீங்கள்தான் என்று வந்தால், சரி.

அரை நேர வேலை நல்ல நடுவழி போலத் தோன்றும். கட்டண அட்டவணையைப் பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம். அரை நாளுக்குப் பாதிக் கட்டணம் வாங்குகிற டேகேர் குறைவு. சம்பளம் 50 ஆகி, கட்டணம் 37 ஆகி, தினமும் போய்வரும் செலவு பழையபடியே இருந்தால் கையில் ஒன்றும் நிற்காது. அதைவிட இருவரும் வேலை நேரத்தை மாற்றிக்கொள்வது பலன் தரலாம். ஒருவர் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்தால் மாலை நேரக் கூடுதல் கட்டணம் விழாது. அந்தக் கட்டணத்தை நானே ஒரு வருடம் கட்டியிருக்கிறேன். வாசலில் மாட்டியிருந்த கடிகாரம் என் கடிகாரத்தைவிட 4 நிமிடம் வேகம். அவர்களுக்கு அந்தக் கடிகாரம்தான் கணக்கு.

வேலையை விடுவதே சரி என்று கணக்கே சொல்லும் இடமும் உண்டு. இரண்டாவது குழந்தையும் வந்து இரண்டு கட்டணம் சேர்ந்தால் ஓய்வூதியத்தைச் சேர்த்தும் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். குழந்தையோடு இருக்க வேண்டும் என்பதே காரணம் என்றாலும் அது போதும். அப்போது 21 மாதச் சம்பளமும் அதன் பின்விளைவும் அதற்கான விலை என்று தெரிந்து கொடுங்கள்.

எப்படியானாலும் ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் 3 மாதம் ஒத்திகை பாருங்கள். உங்கள் சம்பளத்தில் டேகேரும் போக்குவரத்தும் போக மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கணவர் சம்பளத்திலேயே நடத்துங்கள். கடன் தவணை தேதியில் அந்தக் கணக்கைத் தொட வேண்டி வந்தால், ஒரே சம்பளம் இன்னும் தாங்காது. விட்டபின் ஓய்வூதியக் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடாதீர்கள், கையில் காசு குறையும்போது முதலில் அதில்தான் கை வைக்கத் தோன்றும். அலுவலகத்தில் ராஜினாமா பற்றிப் பேசும் முன் சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், திரும்பும்போது அதே பதவியா, அந்த இடைக்காலம் பணி மூப்பில் சேருமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.